நான் ஒட்டிய பிளாஸ்திரி

என் மனைவியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவளைப் பற்றிச் சொன்னால் என் வண்டவாளமும் கூடவே வெளியே வந்துவிடும். வரட்டும். இத்தனை நாள் அதை மூடி மறைத்து நான் ஒன்றும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை.

எங்களுடையது தையல் கடை. கீழே கடை, மாடியில் வீடு. நான் துணி வெட்டுவேன், நடுவில் மிஷினில் ஓடும், கடைசியில் அவள் கைக்குப் போகும். பட்டன், கொக்கி, ஓரத்தை மடித்துக் கையால் போடும் ஹெம்மிங், பிசிறு நறுக்குவது, அயர்ன், எல்லாம் அவள். அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் நான் மாஸ்டர், அவள் ஃபினிஷிங்கம்மா. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதற்கு ஒருத்தி வருவாள். எங்களைவிடப் பத்து வயது சின்னவள்தான், இருந்தாலும் தெருவே அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிடும்.

என் மனைவிக்கு ஒரு குணம். தப்பாகத் தைத்ததைப் பிரித்தே தீருவாள். ஒரு தடவை ஒருவருக்குக் கோட்டு தைத்தோம். கைக்கு உள்ளே கொடுத்த லைனிங் துணி கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. உள்பக்கம்தானே, போட்டுக்கொள்கிறவனுக்கே தெரியாது. "வெளியே தெரியாதும்மா, விட்டுத்தள்ளு" என்றேன்.

"தெரியாதுங்க. ஆனா அது அங்கதானே இருக்கும்?" என்றாள்.

இருந்தால் என்னவாம்! இருக்கட்டுமே! அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கோட்டுக்காரரே வாசலில் வந்து நின்றார். இவள் எழுந்து போய், "சார், இன்னைக்குக் கிடைக்காது. தப்பாத் தைச்சுட்டோம். பிரிச்சுத் தைச்சு நாளைக்குத் தர்றேன்" என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டாள். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த மனுஷனோ இருபது வருஷமாக எங்களிடமே தைக்கிறார். கேட்டால், "அந்தம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்பார். என்னைப் பற்றி அவர் எதுவும் சொன்னதாகக் காதில் விழவில்லை.

நான் அப்படி இல்லை. நான் பூசி மெழுகுகிற ஆள். காலர் ஓரத்தில் பிசிறு தெரிந்தால் அதன்மேல் பைப்பிங் என்று ஒரு மெல்லிய துணிப்பட்டையை வைத்து, அதையே ஒரு டிசைன் என்று சொல்லி விற்றுவிடுவேன். அதையும் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அவளுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்தது. அதன்பிறகு பன்னிரண்டு தடவை கீமோ என்றார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மருந்தை ஏற்றி, மிச்ச மருந்தை ஒரு சின்ன பம்பில் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அது இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக இறங்கும். அத்தனை காரமான மருந்தைக் கையிலுள்ள சின்ன நரம்புகளில் ஏற்றினால் நரம்பு வெந்துபோகும் என்பதற்காக, மேல் கையின் உள்பக்கத்தில் ஒரு துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை நரம்பு வழியாகவே இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். பிக் லைன் என்று அதற்குப் பெயர். இடது கையில் போடத்தான் பார்த்தார்கள். ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் அந்தக் கை நரம்பு ரொம்பச் சின்னது. அதனால் வலது கைக்கு வந்தது. ஊசி பிடிக்கிற கை. அதற்குத்தான் அவள் முதலில் அழுதாள், நோய்க்கு அழவில்லை.

"கனமானதைத் தூக்காதீங்க, அவ்வளவுதான். ஊசி நூலெல்லாம் பிடிக்கலாம்மா" என்றார் அந்த லைனைக் கவனிக்கும் நர்ஸ். எல்லோரும் அவரை லைன் சிஸ்டர் என்பார்கள். நல்ல உயரம், வெண்கலக் குரல். ஒரு வரி சொன்னால் வராந்தா முழுக்கக் கேட்கும்.

முதல் நாள் எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். குழாயின் மறுமுனை வெளியே தொங்கும். உள்ளே போகிற துளைக்கு மேலே கண்ணாடி மாதிரித் தெரிகிற ஒரு ஒட்டுப்படலம். வாரத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து அதை மாற்றி, உப்புத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவிக்கொள்ள வேண்டும். குளிக்கும்போது பிளாஸ்டிக் சுற்றிக்கொள்ள வேண்டும், தண்ணீரே படக் கூடாது. அந்தக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ யாரையும் விடக் கூடாது. கையைக் கழுவாமல் அதைத் தொடக் கூடாது.

"இதைக் கேளுங்க" என்று விரலை நீட்டினார். "துளையைச் சுத்திச் சிவப்பு, வீக்கம், வலி, சூடு, சீழ், இதுல எது வந்தாலும் போன் பண்ணணும். படலத்தோட ஓரம் தூக்கினாலும், உள்ள ஈரம் தெரிஞ்சாலும் அன்னைக்கே வந்துடணும். வியாழக்கிழமைதானே வரச் சொன்னாங்கன்னு உக்காந்திருக்கக் கூடாது. ஜுரம் நூறு புள்ளி நாலு தொட்டா, இல்ல குளிர் நடுக்கம் வந்தா, மணி என்னன்னு பாக்காம கிளம்பி வந்துடணும். முக்கியமா, ஜுரம் பாக்காம ஜுர மாத்திரை போடவே கூடாது. மாத்திரை ஜுரத்தை அமுக்கிடும், கிருமியை ஒண்ணும் பண்ணாது."

நான் எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டினேன். "சிஸ்டர், நாங்க தையல்காரங்க. இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று வேறு சொன்னேன். அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன், ஏழு வாரம் நான் குறை வைக்கவில்லை. காலையும் மாலையும் ஜுரம் பார்த்து எழுதினேன். குழாய் போட்ட கை வீங்கினால் ரத்தம் கட்டியிருக்கலாம் என்று சொல்லியிருந்ததால், என் இன்ச் டேப்பாலேயே தினமும் கையைச் சுற்றி அளந்தேன். அவள் சிரிப்பாள். "மாஸ்டர், கை கொஞ்சம் லூசா இருக்கட்டும், டைட்டாத் தைச்சுடாதீங்க" என்பாள். உடம்பு பாதியாகிப் போனவள் அப்படிக் கேலி பேசினால் யாருக்குத்தான் தெம்பு வராது! காஜாக்கா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. எங்கள் தொழிலில் அதுதான் உயிர்போகிற மாதம். ஒரே பள்ளிக்கூடத்தில் முந்நூற்று நாற்பது சீருடை. புதன்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கடைக்குள் காலை வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் நீலத் துணிதான்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தவள், "என்னங்க, பிளாஸ்டிக் நழுவிடுச்சு. இதைப் பாருங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

பார்த்தேன். படலத்தின் கீழ் ஓரம் விரலகலத்துக்குத் தூக்கியிருந்தது. உள்ளே லேசாக ஆவி படிந்த மாதிரி ஈரம்.

"இன்னைக்கே வரணும்னு சொன்னாங்களே" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். போனால் அரை நாள் போச்சு. இந்தப் பக்கம் வெட்டாத துணி மலையாகக் கிடக்கிறது. "வியாழக்கிழமை எப்படியும் போறோம்ல? நாலு நாள்தானே! நான் சரி பண்றேன், உக்காரு" என்றேன்.

"பிரிச்சுட்டுப் புதுசாப் போடணுமாம். மேல ஒட்டக் கூடாதாம்."

"எல்லாம் எனக்குத் தெரியும்மா."

மருந்துக்கடைக்கு ஓடி ஒரு பிளாஸ்திரிச் சுருள் வாங்கி வந்தேன். நாலு பட்டை வெட்டி, படலத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஓரம் கட்டினேன். மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அசிங்கமாக இருக்கும் என்று நாலு மூலையையும் சாய்வாக வெட்டி, மேஜைத் துணிக்கு ஓரம் வைக்கிற மாதிரி முனையோடு முனை சேர்த்து ஒட்டினேன். அடி முட்டாளே! ஈரத்தையும் அழுக்கையும் உள்ளே வைத்து மூடி, கிருமிக்குக் கதவைச் சாத்திக் குடித்தனம் வைத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் தூர நின்று வேலைப்பாட்டை ரசித்தேன். அவளிடம் "எப்படி?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அவளும், நான் எடுத்த முடிவு என்பதால் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை வைத்துவிட்டு, "குளிருற மாதிரி இருக்கு, உடம்பெல்லாம் வலிக்குது" என்றாள். காஜாக்கா மின்விசிறியை நிறுத்தினாள். நான் கத்தரியைக் கீழே வைக்காமலே, "டப்பாவுல ஜுர மாத்திரை இருக்கு, ஒண்ணு போட்டுட்டுப் படு" என்று சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது. "பாத்தியா? ஜுரமே இல்லை" என்றேன். மாத்திரை போட்டபிறகு பார்த்தால் எப்படி இருக்கும்! சொல்லிக் கொடுத்த பாடத்தைத் தலைகீழாகச் செய்துவிட்டு அவளுக்கே ஆறுதல் சொன்னேன். புதன்கிழமையும் இரண்டு மாத்திரை போட்டாள். சீருடை முந்நூற்று நாற்பதும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை காலை கிளம்புவதற்கு முன்னால் நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். பிளாஸ்திரியைப் பிரித்து எடுத்தேன்.

"ஏங்க அதை எடுக்கிறீங்க?" என்றாள்.

"சிஸ்டர் பாத்தா திட்டும்மா. எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிடும்."

அவள் கை அனலாக இருந்தது. வழியில் களைப்பாக இருக்கக் கூடாதென்று இன்னொரு மாத்திரையையும் கொடுத்து வண்டியில் ஏற்றினேன்.

லைன் அறையில் சிஸ்டர் கையைக் கழுவி, முகத்துக்கு மூடி கட்டி, எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். படலம் பாதி கழன்று நின்றது. "இது எப்போ தூக்குச்சு?"

"இன்னைக்குக் காலையிலதான் சிஸ்டர்" என்றேன் நான். கேட்டது அவளை, சொன்னது நான்.

"சுத்திப் பசையா இருக்கே?"

"போன வாரத்துதா இருக்கும் சிஸ்டர்."

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படலத்தை உரித்தார். துளையைச் சுற்றி ஒரு சட்டைப் பட்டன் அளவுக்குச் சிவந்திருந்தது. தொட்டதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஜுரம் இருந்துச்சா? நடுக்கம்?"

"அதெல்லாம் இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் தெர்மாமீட்டர் வைத்தார். மாத்திரையின் புண்ணியத்தில் அதுவும் எனக்குச் சாதகமாகவே சொன்னது. "சிவப்பு எனக்குப் பிடிக்கலை. டாக்டர் பாக்காம போகக் கூடாது" என்று சொல்லி, துளையிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து வைத்தார். மருந்து போட்டுத் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து, புதுப் படலம் ஒட்டினார். குழாய் முனையின் மூடியை மாற்றி, உப்புத் தண்ணீரை விட்டு விட்டு அழுத்திக் குழாயைக் கழுவினார். வெளியே டாக்டர் அறை வாசலில் வரிசையில் உட்கார்ந்தோம்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் நாற்காலி ஆடுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் இவள்தான். பல்லோடு பல் அடித்துக்கொள்கிறது, தோள் தூக்கித் தூக்கிப் போடுகிறது, உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் கட்டிப் பிடித்தால் என்னையும் சேர்த்து ஆட்டியது. "சிஸ்டர்!" என்று கத்தினேன். குழாயில் கூடு கட்டியிருந்த கிருமியெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவினதும் நேராக ரத்தத்தில் இறங்கியிருக்கிறது. இதை அப்புறம் சொன்னார்கள்.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஜுரம் நூற்றுமூன்றைத் தாண்டியது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. குழாயிலிருந்து ஒரு தடவை, இடது கையிலிருந்து ஒரு தடவை, இரண்டு இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் கிருமிக்கு மருந்தை இடது கை வழியாக ஏற்ற ஆரம்பித்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் படுக்கையோரம் குனிந்து கேட்டார்:

"கட்டு ஈரமாச்சா? எத்தனை நாளா? ஜுரம் எப்போ ஆரம்பிச்சது? மாத்திரை ஏதாவது போட்டீங்களா? கீமோவுல எதிர்ப்புச் சக்தி சுத்தமாக் குறைஞ்சிருக்கு, எனக்குச் சரியாத் தெரியணும்."

பக்கத்தில் லைன் சிஸ்டர் நிற்கிறார். நான் வாயைத் திறந்தேன். "இன்னைக்குக் காலையில" என்று மறுபடியும் சொன்னால் அவள் செத்துப்போவாள் என்று தெரிகிறது. உண்மையைச் சொன்னால் சிஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்த மனுஷன் நான்.

அவள்தான் சொன்னாள். நடுக்கத்தில் வார்த்தை வார்த்தையாக உடைந்து வந்தது. "ஞாயிற்றுக்கிழமை குளிக்கிறப்போ தூக்கிடுச்சு. உள்ள ஈரம். மேல பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை குளிர் வந்துச்சு. அன்னையிலேர்ந்து ஜுர மாத்திரை. இன்னைக்குக் காலையிலயும் ஒண்ணு."

"யாரு ஒட்டினாங்க?" என்றார் சிஸ்டர்.

"நான்தான். இவருக்குத் தெரியாது."

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். டாக்டரம்மாவுக்கு வேண்டியதில் ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல், எனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிச் சொன்னாள். நான் "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். தப்பித்தோம் என்று ஒரு நிமிஷம் மனசு லேசாகக்கூட ஆனது. ஐயோ, அதை நினைத்தால்!

இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் கிருமி சீக்கிரம் வளர்ந்துவிட்டது, கையிலிருந்து எடுத்ததில் பல மணி நேரம் கழித்துத்தான். அப்படியானால் கிருமி குழாயிலிருந்துதான் வந்திருக்கிறது என்று குழாயை எடுத்துவிடச் சொன்னார்கள். லைன் சிஸ்டரே வந்து மெதுவாக உருவினார். உருவிக்கொண்டே திட்டினார்.

"ஏம்மா, எத்தனை தடவை சொன்னேன்? ஓரம் தூக்கினா வான்னு சொன்னேனா இல்லையா? மேல ஒட்டி மறைச்சா உள்ள இருக்கிறது போயிடுமா? உங்க உசுரும்மா இது, துணி இல்ல!"

"தப்புதான் சிஸ்டர்" என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு. நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போன் செய்தாள். "எப்படிப்பா ஆச்சு?" என்று அழுதாள். "உங்கம்மாதான் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கிட்டா, என்கிட்ட சொல்லவே இல்ல" என்று நான், இந்த வாயால், சொன்னேன். என் மனைவி சொன்ன பொய் ஆஸ்பத்திரியோடு போயிருக்கும். அதை எடுத்து மகள் வரைக்கும் பரப்பினவன் நான். மகள் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "ஏம்மா இப்படிச் சின்னப்புள்ளத்தனமா பண்றே?" என்று சத்தம் போட்டாள். அவள் கேட்டுக்கொண்டு, "இனிமே பாத்துக்கிறேம்மா" என்றாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிருமி மருந்து பதினான்கு நாள். அதுவரை கீமோ கிடையாது. உள்ளே நோய் இவளுக்காகக் காத்திருக்குமா என்ன?

பன்னிரண்டாம் நாள் காலை சிஸ்டர் ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். புதிதாக லைன் போட்டவர்கள். அந்த மனுஷன் பேனாவும் நோட்டுமாக வந்திருந்தான். சிஸ்டர் என் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இவங்களைப் பாருங்க. ஓரம் தூக்கினதும் வராம, மேல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டாங்க. என்ன ஆச்சுன்னு அவங்களே சொல்வாங்க" என்றார்.

இவள் எழுந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: "ஆமாங்க. நான் செஞ்ச தப்பு. நீங்க அப்படிப் பண்ணிடாதீங்க."

அந்த ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இப்படியும் ஒரு அறிவுகெட்ட பொம்பளையா என்கிற பார்வை. எழுதிக்கொள்ள வேறு செய்தான்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "யோவ், எழுதாதே!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பியது. "அவ செய்யல. நான் ஒட்டினேன். வேண்டாம்னு சொன்னா, நான்தான் கேக்கல. மாத்திரையும் நான்தான் குடுத்தேன். வியாழக்கிழமை பிளாஸ்திரியை உரிச்சுட்டு இந்தம்மாகிட்ட பொய்யும் சொன்னேன்." எதிர்க் கட்டில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை. புதியவர்களை அறைக்குப் போய் உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அந்த வெண்கலக் குரலை முதல்முறையாகத் தணித்துப் பேசினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்யா. வலது புஜத்தோட உள்பக்கம். இடது கையால ஒருத்தங்க தனியா ஒரு பட்டை ஒட்டறதே கஷ்டம். பசைத் தடத்தைப் பாத்தேனே! நாலு பக்கமும் ஒரே அகலம், நாலு மூலையும் சாய்வா வெட்டினது. அதை அவங்க எப்படிச் செஞ்சிருக்க முடியும்?"

"அப்போ ஏன் சிஸ்டர் அவளைத் திட்டினீங்க?"

"உங்க காதுல விழட்டும்னுதான். நாலு வார்த்தை திட்டினா நீங்க வாயைத் தொறப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க ஜன்னலைப் பாத்துட்டு நின்னீங்க. இன்னைக்கும் அதுக்காகத்தான் புதுசா வந்தவங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"அன்னைக்கே போட்டு உடைச்சிருக்கலாமே சிஸ்டர்."

"வைத்தியத்துக்கு வேண்டிய உண்மையை அந்தம்மா சொல்லிட்டாங்க. மிச்சத்தை நீங்கதான் சொல்லணும். நான் எப்படிச் சொல்றது?" என்றவர், "சரி, போங்க. எனக்கு அங்க ஆள் காத்திருக்கு" என்று போய்விட்டார்.

அங்கேயே மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் "அம்மாகிட்ட குடுங்க" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்க் கொடுத்தேன். அம்மாவும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே நிற்கத் தகுதியில்லாதவன் மாதிரி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்தபோது அவள், "இத்தனை பேர் முன்னாடி எதுக்குங்க கத்தினீங்க? எதிர்க் கட்டில் அம்மாவுக்கு ஏற்கெனவே இதயம் சரியில்லை" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனையில் கிருமி சுத்தமாகப் போய்விட்டது என்று தெரிந்தபிறகு, இந்தத் தடவை குழாய் வெளியே தெரியாதபடி போர்ட் வைத்தார்கள். காலர் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு பெரிய பட்டன் அளவுக்குப் புடைத்துத் தெரியும். மருந்து ஏற்றும்போது மட்டும் அதில் ஊசி குத்துவார்கள். பம்பு ஓடுகிற இரண்டு நாளும் ஊசியும் ஒட்டுப்படலமும் மேலே இருக்கும். மற்ற நாட்களில் கட்டு வேண்டாம், குளிக்கலாம். ஆனாலும் தினம் பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும், ஜுர விஷயத்தில் அதே சட்டம்தான். கீமோ மறுபடி ஓடுகிறது. டாக்டரம்மா தைரியம் சொல்கிறார்.

கடையிலும் அவள் பழையபடிதான் இருக்கிறாள். ஹெம்மிங் போடுகிறாள், என்னைக் கேலி செய்கிறாள், நான் வெட்டியது சரியில்லை என்றால் துணியை என் மேஜைக்கே தூக்கிப் போடுகிறாள். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் காஜாக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு, வாடிக்கையாளர்கள் துணி போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் போவாள். காஜாக்கா கையைக் கழுவிக்கொண்டு போவாள். "சிவப்பு இல்லக்கா. வீக்கம் இல்ல. அழுத்தினா வலிக்குதா? சூடா இல்ல" என்று உள்ளேயிருந்து கேட்கும். நான் இந்தப் பக்கம் துணியை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் பம்பு மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்குக் காஜாக்காவுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. என் மனைவி கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தனியாகத் திரைக்குப் பின்னால் போனாள். கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக் கழுத்தை ஒடித்து ஒடித்துப் பார்க்கிறாள் என்று திரையில் விழுந்த நிழலிலிருந்தே புரிந்தது. நான் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு திரைக்கு வெளியே போய் நின்றேன்.

"நான் பாக்கட்டுமா?"

"வேண்டாங்க."

"இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் இல்லங்க." உள்ளே கண்ணாடியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நீங்க பாத்தா ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவீங்க. நானும் நம்பிடுவேன். அதான்."

நான் தெர்மாமீட்டரைத் திரைக்கு அடியில் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள்.